தராசு சொல்லும் மூன்றாவது பதில்

வங்கித் தேர்வுக்குத் தயாராகிக் கொண்டிருக்கும் என் சகோதரியின் மகள், சென்ற மாதம் ஒரு மாதிரி வினாத்தாளோடு என்னிடம் வந்தாள். அதில் அடுத்தடுத்து இரண்டு கேள்விகள். பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் 12 நாணயங்களில் ஒன்று மட்டும் எடையில் வேறுபட்டது. அது மற்றவற்றைவிடக் கனமானதா, லேசானதா என்பது தெரியாது. எடைக்கற்கள் இல்லாத ஒரு தட்டுத் தராசைக் கொண்டு அதைக் கண்டறிந்து, கனமா லேசா என்றும் சொல்ல, குறைந்தது எத்தனை முறை நிறுக்க வேண்டும் என்பது முதல் கேள்வி. அதே நிபந்தனையில் 20 நாணயங்கள் இருந்தால் என்பது இரண்டாவது.

இரண்டுக்கும் மூன்று முறை என்று அவள் விடை எழுதியிருந்தாள். முதல் விடை சரி, இரண்டாவது தவறு. விடைக்குறிப்பு நான்கு முறை என்றது. அவளுக்கு அதில் உடன்பாடில்லை. "மாமா, மூன்று முறை நிறுத்தால் மூன்றின் மும்மடி, அதாவது 27 நாணயங்கள் வரை பார்க்கலாம் என்றுதானே சூத்திரம்? 20 என்பது 27-க்குள்தானே இருக்கிறது?" என்று கேட்டாள். பயிற்சி நூலில் அந்தச் சூத்திரம் கட்டம் கட்டி அச்சிடப்பட்டிருந்தது. சூத்திரத்தில் பிழையில்லை. அது எந்த நிபந்தனையில் செல்லும் என்ற வரிதான் அதில் இல்லை.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்லூரி விடுதியில் இருந்த நாள்களில் இதே புதிரில் நான் இதைவிடப் பெரிதாகச் சறுக்கியவன். அன்று எனக்குப் புரியாமல் போனது ஒன்றே ஒன்றுதான்: தராசு ஒவ்வொரு முறையும் எத்தனை விதமான பதில்களைச் சொல்லக்கூடும் என்பது.

எளிய வடிவத்திலிருந்து தொடங்குவோம். ஒன்பது நாணயங்கள், ஒன்று மட்டும் லேசானது என்று முன்கூட்டியே தெரியும். பெரும்பாலோர் கை இயல்பாகவே நாணயங்களை இரண்டு சம பாகமாகப் பிரிக்கப் போகும். தட்டுக்கு நான்காக வைத்து, ஒன்றை மேசையில் விடுவார்கள். ஒரு தட்டு உயர்ந்தால் அதிலுள்ள நான்கை இரண்டிரண்டாகவும், பிறகு ஒவ்வொன்றாகவும் நிறுப்பார்கள். மொத்தம் மூன்று முறை ஆகிவிடும்.

தட்டுக்கு மூன்று நாணயங்களை வைத்து, மூன்றை மேசையிலேயே விட்டுப் பாருங்கள். இடத்தட்டு உயர்ந்தால் லேசான நாணயம் அங்கே இருக்கிறது. வலத்தட்டு உயர்ந்தால் அங்கே. இரண்டும் சமமாக நின்றால், நாம் தொடவே தொடாத மூன்றில்தான் அது இருக்க வேண்டும். எப்படியும் மூன்று நாணயங்களே எஞ்சுகின்றன. அவற்றில் தட்டுக்கு ஒன்றை வைத்து, ஒன்றை வெளியே விட்டால் இரண்டாவது நிறுவையிலேயே விடை கிடைத்துவிடும்.

தராசு என்றதும் நமக்கு இரண்டு தட்டுகளே நினைவுக்கு வருகின்றன. அதனால் பதிலும் இரண்டே என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் முள் நடுவில் நிற்பதும் ஒரு பதில்தான். அந்தப் பதில் தட்டிலுள்ள நாணயங்களைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. மேசையில் கிடப்பவற்றின் மீதும் விரல் நீட்டுகிறது. வெளியே விடப்பட்ட நாணயங்களும் அந்த நிறுவையில் சோதிக்கப்பட்டவையே. அதாவது தராசுக்குக் கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது தட்டு ஒன்று உண்டு; அது மேசை.

இதிலிருந்து ஓர் எல்லையும் பிறக்கிறது. ஒரு நிறுவைக்கு மூன்று பதில்கள் என்றால், இரண்டு நிறுவைகளுக்குச் சேர்த்து ஒன்பது விதமான அறிக்கைகளே வர முடியும். பத்து நாணயங்கள் இருந்தால், எவ்வளவு சாமர்த்தியமாக நிறுத்தாலும் குறைந்தது இரண்டு நாணயங்கள் ஒரே அறிக்கைக்கு வந்து சேரும். அவற்றுள் எது லேசானது என்று தராசால் பிரித்துச் சொல்ல இயலாது. ஆகவே ஒன்பது என்பது திறமையின் எல்லையல்ல. தராசின் சொல்வளத்துக்கே உள்ள எல்லை. மூன்று முறை நிறுத்தால் 27 என்பதும் இந்தக் கணக்கே.

இந்தப் புதிரின் அச்சு வரலாறும் இதையே காட்டுகிறது. 1945 ஜனவரியில் 'அமெரிக்கன் மேத்தமெட்டிக்கல் மன்த்லி' இதழில் ஈ.டி. ஷெல் என்பவர் எட்டு நாணயங்களை வைத்து ஒரு கணக்குக் கேட்டார். எட்டில் அதிகபட்சம் ஒன்று போலி. போலி என்றால் லேசானது. போலி இருக்கிறதா, இருந்தால் எது என்பதை இரண்டே நிறுவைகளில் சொல்ல வேண்டும். ஒன்பது வரை முடியும்போது எட்டோடு ஏன் நிறுத்தினார் என்று தோன்றலாம். 'அதிகபட்சம் ஒன்று' என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். எட்டு நாணயங்களில் ஏதேனும் ஒன்று போலி என்பவை எட்டு வாய்ப்புகள். போலியே இல்லை என்பது ஒன்பதாவது வாய்ப்பு. தராசு தரக்கூடிய ஒன்பது அறிக்கைகளும் சரியாகச் செலவாகிவிடுகின்றன. எண்ண வேண்டியது நாணயங்களை அல்ல, வாய்ப்புகளை என்ற பாடம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது.

என் சகோதரி மகள் இடறிய இடமும் இதுவே. போலி கனமா, லேசா என்று தெரியாதபோது, ஒவ்வொரு நாணயத்தின் மீதும் இரண்டு சந்தேகங்கள் விழுகின்றன. 12 நாணயங்கள் என்றால் 24 வாய்ப்புகள். மூன்று நிறுவைகள் தரும் 27 அறிக்கைகளுக்குள் அவை அடங்கும். 20 நாணயங்கள் என்றால் 40 வாய்ப்புகள், 27-க்குள் அடங்காது. விடைக்குறிப்பு சரி என்று ஏற்க இந்த ஒரு வரியே போதும்.

ஆனால் அடங்கும் என்பதும், அடக்கிக் காட்டுவதும் வேறு வேறு. 24 வாய்ப்புகளை 27 அறிக்கைகளுக்குள் வைப்பதில் வீண்செலவுக்கு மிகக் குறைவான இடமே உண்டு. விடுதியில் இந்தப் புதிரை நண்பர் ஒருவர் சொன்னபோது, நான் சற்றும் தயங்காமல் தட்டுக்கு ஆறாக வைத்துத் தொடங்கினேன். போலி நிச்சயமாக ஏதோ ஒரு தட்டில் இருக்கிறது. ஆகவே தராசு சாய்ந்தே தீரும். சமம் என்ற பதில் வரவே வழியில்லாத கேள்வியை நான் கேட்டேன். மூன்று பதில்கள் சொல்லத் தெரிந்த ஒன்றிடம் இரண்டு பதில்களுக்கே இடமுள்ள கேள்வியைக் கேட்டதற்குத் தண்டனையாக, 24 வாய்ப்புகளில் 12 அப்படியே எஞ்சின. மீதமிருந்த இரண்டு நிறுவைகள் ஒன்பதை மட்டுமே பிரிக்கும். முதல் நிறுவையிலேயே நான் தோற்றிருந்தேன் என்பது தெரியாமல் அன்றிரவு நெடுநேரம் தாளில் கிறுக்கிக் கொண்டிருந்தேன்.

சரியான முதல் நிறுவை எது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். முதல் நிறுவைக்குப் பின் எந்தப் பதில் வந்தாலும் ஒன்பதுக்கு மேல் வாய்ப்புகள் எஞ்சக் கூடாது. தட்டுக்கு ஐந்து வைத்தால், சாய்ந்தபின் பத்து வாய்ப்புகள் எஞ்சும். தட்டுக்கு மூன்று வைத்தால், சமமாக நிற்கும்போது வெளியே உள்ள ஆறு நாணயங்களுக்கும் சேர்த்து 12 எஞ்சும். தட்டுக்கு நான்கு வைத்து நான்கை வெளியே விட்டால் மட்டுமே எந்தப் பதிலுக்கும் எட்டு வாய்ப்புகள் எஞ்சுகின்றன. வேறு தொடக்கம் எதுவும் கரை சேராது.

நாணயங்களுக்கு 1 முதல் 12 வரை எண் இடுவோம். இடத்தட்டில் 1, 2, 3, 4. வலத்தட்டில் 5, 6, 7, 8. மீதி நான்கும் மேசையில்.

தராசு சமமாக நின்றால் வேலை எளிது. 1 முதல் 8 வரை நல்லவை; சந்தேகம் 9, 10, 11, 12 மீது மட்டுமே. இனி 9, 10, 11 மூன்றையும் இடத்தட்டிலும், நல்லவையான 1, 2, 3 மூன்றையும் வலத்தட்டிலும் வைக்க வேண்டும். சமமாக நின்றால் போலி 12-தான். அதை ஒரு நல்ல நாணயத்தோடு நிறுத்தால் கனமா லேசா என்பது தெரியும். இடத்தட்டு தாழ்ந்தால் மூன்றில் ஒன்று கனமானது, உயர்ந்தால் லேசானது. 9-ஐயும் 10-ஐயும் எதிரெதிரே வைத்தால் மூன்றில் எது என்பது வெளிப்பட்டுவிடும்.

முதல் நிறுவையில் இடத்தட்டு தாழ்ந்தால்தான் புதிரின் உண்மையான முடிச்சு வருகிறது. இப்போது 1 முதல் 4 வரை உள்ளவற்றில் ஒன்று கனமாக இருக்கலாம், அல்லது 5 முதல் 8 வரை உள்ளவற்றில் ஒன்று லேசாக இருக்கலாம். எட்டு வாய்ப்புகள், இரண்டு நிறுவைகள். கனச் சந்தேகம் கொண்டவற்றைத் தனியாகவும், லேசுச் சந்தேகம் கொண்டவற்றைத் தனியாகவும் வைத்துக்கொண்டு எவ்வளவு யோசித்தாலும் வழி பிறக்காது. அவற்றைக் கலக்க வேண்டும்.

இடத்தட்டில் 1, 2, 5. வலத்தட்டில் 3, 4, 6. வெளியே 7, 8. என்ன செய்திருக்கிறோம் என்று பாருங்கள். 1, 2, 6 மூன்றும் முன்பு இருந்த தட்டிலேயே நிற்கின்றன. 3, 4, 5 மூன்றும் எதிர்த்தட்டுக்கு மாறிவிட்டன. 7, 8 இரண்டும் தட்டைவிட்டு இறங்கிவிட்டன. நின்றவை, மாறியவை, இறங்கியவை என்று மூன்று குழுக்கள். தராசின் மூன்று பதில்களும் இந்த மூன்று குழுக்களோடு நேராகப் பொருந்துகின்றன. இடத்தட்டே மறுபடியும் தாழ்ந்தால், சாய்வுக்குக் காரணமானது இடம் பெயரவில்லை. ஆகவே அது 1, 2, 6-இல் ஒன்று. சாய்வு திசை மாறினால், காரணமானதும் தட்டு மாறியிருக்கிறது. அது 3, 4, 5-இல் ஒன்று. தராசு சமமானால், காரணமானது இறங்கிவிட்டது. அது 7 அல்லது 8.

மூன்றாவது நிறுவை இனி வெறும் சம்பிரதாயம். முதல் நிலையில் 1-ஐயும் 2-ஐயும் எதிரெதிரே வைத்தால், தாழ்வது கனமான போலி; சமமானால் 6 லேசானது. இரண்டாம் நிலையில் 3-ஐயும் 4-ஐயும் அவ்வாறே வைத்தால், தாழ்வது கனமானது. சமமானால் 5 லேசானது. மூன்றாம் நிலையில் 7, 8 இரண்டையும் வைத்தால், உயர்வதே லேசான போலி. முதல் நிறுவையில் வலத்தட்டு தாழ்ந்திருந்தால் இதே முறையைக் கனமும் லேசும் இடம் மாற்றிப் படித்தால் போதும்.

விடுதி உணவுக்கூடத்தின் பெஞ்சில் பொத்தான்களை வைத்து ஒரு மூத்த மாணவர் இதை எனக்குச் செய்து காட்டினார். வியந்து நின்ற என்னிடம் அவர் விட்டுச் சென்ற கேள்விதான் என்னை அதிக நாள் உறங்கவிடவில்லை: "13 நாணயங்கள் என்றால்?"

13 நாணயங்களுக்கு 26 வாய்ப்புகள். அறிக்கைகளோ 27. கணக்குப்படி இடமிருக்கிறது. ஆகவே முடியும் என்றே நம்பினேன். என் சாமர்த்தியம் போதவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன். ஒரு வாரத்துக்குப் பின்தான், முடியாது என்பதற்கான காரணம் புலப்பட்டது. அது ஒரு வரிக் காரணம்.

இரண்டு தட்டுகளிலும் சம எண்ணிக்கையில்தான் நாணயங்களை வைக்க முடியும். ஒரு பக்கம் கூடுதலாக ஒன்றை வைத்தால் அந்தப் பக்கம் எப்படியும் தாழும். அதிலிருந்து எதையும் அறிய இயலாது. ஆகவே முதல் நிறுவையில் தட்டுகளின் மீதுள்ள நாணயங்களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. சாய்ந்தபின் எஞ்சும் வாய்ப்புகளும் இரட்டைப்படை. வெளியே உள்ள ஒவ்வொரு நாணயத்துக்கும் இரண்டு சந்தேகங்கள் என்பதால், சமமானபின் எஞ்சும் வாய்ப்புகளும் இரட்டைப்படை. ஒன்பதைத் தாண்டாத இரட்டைப்படை எண்களில் பெரியது எட்டு. மூன்று பதில்களுக்கும் எட்டு எட்டாக வைத்தால் 24 வாய்ப்புகளே அடங்கும். 26 அடங்க வேண்டுமானால் ஏதேனும் ஒரு பதிலுக்கு ஒன்பதாவது எஞ்ச வேண்டும், ஒன்பது ஒற்றைப்படை. இடம் இருக்கிறது, ஆனால் அந்த இடத்துக்குச் செல்லும் கதவு இல்லை.

இந்த விளக்கம் சரியென்றால், அந்தக் கதவைத் திறக்கும் சாவியையும் இதுவே காட்ட வேண்டும். காட்டுகிறது. நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு நாணயத்தை நம்மிடம் யாரேனும் கொடுத்தால், இரட்டைப்படைக் கட்டாயம் உடைகிறது. இடத்தட்டில் சந்தேக நாணயங்கள் ஐந்து, வலத்தட்டில் சந்தேக நாணயங்கள் நான்கும் அந்த நல்ல நாணயமும், வெளியே நான்கு. இப்போது சாய்ந்தால் ஒன்பது வாய்ப்புகள், சமமானால் எட்டு. அதன்பின் முன்பு சொன்ன 'நின்றவை, மாறியவை, இறங்கியவை' முறையிலேயே ஒன்பதை மும்மூன்றாகப் பிரித்துவிடலாம். போலியின் மீது எந்தத் தகவலும் தராத ஒரு நல்ல நாணயம், 13-ஐயும் மூன்று நிறுவைக்குள் கொண்டுவந்துவிடுகிறது.

மற்றொரு சாவியும் உண்டு. எது போலி என்று சொன்னால் போதும், கனமா லேசா என்பது வேண்டாம் என்று கேள்வியைத் தளர்த்தினால், நல்ல நாணயத்தின் உதவியின்றியே 13-ஐ முடிக்கலாம். முன்போலவே தட்டுக்கு நான்கு, வெளியே ஐந்து. கடைசிவரை எல்லாம் சமமாகவே நின்றால், ஒருமுறைகூடத் தட்டில் ஏறாத 13-ஆம் நாணயமே போலி. அது கனமா லேசா என்று மட்டும் நமக்குத் தெரியாது. 'குறைந்தது எத்தனை முறை' என்ற கேள்விக்கு ஒரே விடையில்லை. எதைத் தெரிந்துகொண்டு தொடங்குகிறோம், எதைத் தெரிந்துகொண்டு முடிக்க வேண்டும் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. சில நூல்களில் 12 என்றும் சில நூல்களில் 13 என்றும் விடை இருப்பதன் காரணம் இதுதான். இரண்டும் சரி, கேள்விகள்தான் வேறு.

1946-இல் 'மேத்தமெட்டிக்கல் கெஜட்' என்ற பிரிட்டிஷ் இதழில், பிற்காலத்தில் பெரும் இயற்பியலாளராகப் புகழ்பெற்ற ஃபிரீமன் டைசன் இந்தப் புதிருக்கு ஒரு பொதுத் தீர்வை வெளியிட்டார். அப்போது அவருக்கு 23 வயதுகூட நிரம்பவில்லை. நாணயங்களுக்கு மூன்று குறிகளால் ஆன பெயர்களைச் சூட்டுவது அந்த வழியின் சாரம். ஒவ்வொரு நாணயத்துக்கும் அது முதல், இரண்டாம், மூன்றாம் நிறுவையில் எங்கே இருக்கும் என்பதே பெயர்: இடம், வலம், வெளி. பெயர்களை முன்கூட்டியே சூட்டிவிட்டால், ஒரு நிறுவையின் முடிவைப் பார்த்து அடுத்ததைத் தீர்மானிக்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்று நிறுவைகளையும் முதலிலேயே தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். அவ்வகையில் நான் அமைத்துப் பார்த்த ஒரு பட்டியல் இது:

முதல் நிறுவை: இடத்தில் 1, 7, 10, 11, வலத்தில் 4, 6, 9, 12.
இரண்டாம் நிறுவை: இடத்தில் 2, 8, 10, 12, வலத்தில் 4, 5, 7, 11.
மூன்றாம் நிறுவை: இடத்தில் 3, 9, 11, 12, வலத்தில் 5, 6, 8, 10.

யாரோ ஒருவர் இதன்படி நிறுத்துவிட்டு, 'முதலில் இடம் தாழ்ந்தது, அடுத்து சமம், பிறகு வலம் தாழ்ந்தது' என்று தொலைபேசியில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போலி கனமானதென்றால் அது முதலில் இடத்திலும், பிறகு வெளியிலும், கடைசியில் வலத்திலும் இருந்திருக்க வேண்டும். அப்படிப் பயணம் செய்த நாணயம் பட்டியலில் இல்லை. லேசானதென்றால் பயணம் நேர் எதிராக, வலம், வெளி, இடம் என்று இருக்க வேண்டும். அப்படிச் சென்றது 9 மட்டுமே. ஆகவே 9 லேசானது. தராசைக் கண்ணால் காணாமலேயே சொல்லிவிட்டோம்.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகப் பிடித்தது, அது பயன்படுத்தாமல் விட்டிருக்கும் பெயர்கள்தான். 27 அறிக்கைகளில் 24-க்கே பொருள் உண்டு, மூன்று எஞ்சுகின்றன. மூன்று முறையும் சமம் என்பது அவற்றுள் ஒன்று. பன்னிரண்டு நாணயங்களும் குறைந்தது ஒருமுறையேனும் தட்டில் ஏறுவதால், அந்த அறிக்கை வந்தால் போலியே இல்லை என்று பொருள். மூன்று முறையும் இடம் தாழ்ந்தது, மூன்று முறையும் வலம் தாழ்ந்தது என்பவை மற்ற இரண்டு. எந்த ஒற்றைப் போலியாலும் அவை நேர முடியாது. அப்படி ஒரு செய்தி வந்தால், பிழை நாணயத்தில் மட்டும் இருப்பதாகக் கொள்ள இயலாது. ஒன்றுக்கு மேற்பட்ட போலிகள் இருக்கலாம். அல்லது ஒரு பக்கமாகவே சாயும் பழுது தராசில் இருக்கலாம்.

தராசின் பழுதுகள் எல்லாமே இப்படி வெளிப்பட்டுவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. போலியின் எடை வித்தியாசத்தைவிடத் தராசின் கோளாறு சிறிதாக இருந்தால், போலி தட்டில் இருக்கும்போது அது உண்மையையே சொல்லும். போலி வெளியே இருக்கும்போது மட்டும் சமம் என்பதற்குப் பதில் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, குற்றமற்ற வேறொரு நாணயத்தைக் காட்டிக் கொடுக்கும். காலித் தட்டுகள் சமமாக நிற்கின்றனவா என்று பார்ப்பது மட்டும் இதற்குப் போதாது. தண்டின் இரு கைகளும் நீளத்தில் சற்று வேறுபட்டு, அந்த வேறுபாடு தட்டின் எடையால் ஈடுகட்டப்பட்டிருந்தால், காலியாக இருக்கும்போது முள் நடுவில் நிற்கும். பாரம் ஏறியதும் பொய் சொல்லத் தொடங்கும். சரிபார்க்கும் வழி எளியது. நிறுத்த நாணயங்களை அப்படியே தட்டு மாற்றி வைத்து மறுபடி நிறுக்க வேண்டும். முன்பு சமம் என்றது இப்போதும் சமம் என்க வேண்டும். முன்பு சாய்ந்தது இப்போது எதிர்ப்பக்கம் சாய வேண்டும். இல்லையென்றால் தராசை நம்பக் கூடாது. புதிர்களில் வரும் தராசுக்குப் பழுது கிடையாது. மூன்றே நிறுவை என்ற சிக்கனம் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

இவ்வளவையும் நான் சகோதரி மகளுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடவில்லை. பன்னிரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்து மேசையில் பரப்பி, ஒன்றைப் போலி என்று மனத்துக்குள் வைத்துக்கொண்டு, நானே தராசாக இருந்து பதில் சொன்னேன். முதல் ஆட்டத்தில் அவளும் தட்டுக்கு ஆறு வைத்தாள். "நான் சமம் என்று சொல்ல வழியே இல்லாமல் செய்துவிட்டாயே?" என்று கேட்டேன். சற்று நேரம் நாணயங்களையே பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, நான்கை எடுத்து மேசையில் வைத்தாள்.

பிறகு 20 நாணயங்களுக்குத் திரும்பினோம். 40 வாய்ப்புகள், 27 அறிக்கைகள், ஆகவே போதாது என்பதை அவளே சொன்னாள். நான்கு முறை நிறுத்தால் அதிகபட்சம் எத்தனை நாணயங்கள் என்று கேட்டேன். 81 அறிக்கைகள் என்பதால் 40 நாணயங்கள், 80 வாய்ப்புகள் என்று உடனே எழுதினாள். நான் ஒன்றும் பேசவில்லை. எழுதியதை அவளே ஒருமுறை பார்த்தாள். முதல் நிறுவைக்குப் பின் ஒவ்வொரு பதிலுக்கும் 27-க்கு மேல் எஞ்சக் கூடாது, 27 ஒற்றைப்படை, ஆகவே 26 மட்டுமே, மூன்று இருபத்தாறு 78, அதில் பாதி 39. அவள் 40-ஐ அடித்துவிட்டு 39 என்று எழுதினாள்.

அதன்பின் பயிற்சி நூலைத் திறந்து, கட்டம் கட்டிய அந்தச் சூத்திரத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு வரி சேர்த்தாள்: 'கனமா, லேசா என்று முன்பே தெரிந்தால் மட்டும்.' அச்சிட்டவர்கள் விட்டுவிட்ட வரி அது.